ஒளிப்படத்தில் கூர்மையின் எல்லைகள்

1. ஆய்வுப் பொருள்

ஒளிப்படச் சங்கக் கூட்டத்தில் ஒரு படம் திரைக்கு வந்ததும் பின்வரிசையிலிருந்து முதலில் எழும் கேள்வி “ஷார்ப்பா இருக்கா?” என்பதுதான். உடனே யாராவது அதை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கண்ணிமை முடியை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். படம் எதைப் பற்றியது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். சில நாள் வராமலே போகும்.

ஒரே பெயரில் நாம் இரண்டு விஷயங்களைப் பேசுகிறோம். நுண்ணிய விவரங்களை லென்ஸும் சென்ஸாரும் எவ்வளவு பிரித்துக் காட்டுகின்றன என்பது ஒன்று. விளிம்புகள் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகின்றன என்பது மற்றொன்று. முன்னது படமெடுக்கும் கணத்திலேயே முடிவாகிவிடும். பின்னதைக் கணினியில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

2. கண் கேட்கும் அளவு

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில், ஒக்கலிபுரம் ரயில் பாலத்தின் அடியில், மாலை வெளிச்சத்தில், ஓர் அம்மா மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் சாலை; மேலே மெஜஸ்டிக் பக்கம் போகும் தண்டவாளத்தின் மின்கம்பிகள். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா. “எல்லாமே ஷார்ப்பா வரணும்” என்று படமெடுக்கும் நம் ஆள் அபர்ச்சரை f/16-க்கு மூடுகிறார்.

அபர்ச்சர் சிறுக்கச் சிறுக்க ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். இயற்பியல் புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான். பச்சை ஒளிக்குக் கணக்கிட்டால், f/16-இல் லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சென்ஸாரில் ஏறத்தாழ 11 மைக்ரான், f/5.6-இல் 4 மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு. இந்த சென்ஸாரில் ஒரு பிக்சலின் அகலமே 4 மைக்ரான்தான். ஆக f/16-இல் எடுத்த படத்தில், காசு கொடுத்து வாங்கிய பிக்சல்களில் பல வேலையில்லாமல் போகின்றன.

இதே படத்தைப் போட்டிக்காக 12×18 அங்குலத்தில் பிரிண்ட் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சென்ஸாரில் இருப்பது சுமார் 19 மடங்கு பெரிதாகிறது. 11 மைக்ரான் 0.2 மில்லிமீட்டராகும். நல்ல பார்வை உள்ளவர் அரை மீட்டர் தூரத்தில் நின்றால் 0.15 மில்லிமீட்டர் வரை பிரித்துப் பார்ப்பார். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 0.3 வரைதான். அதனால் f/16-இன் மங்கல் அரை மீட்டரில் இலேசாகத் தெரியும், ஒரு மீட்டரில் தெரியாது. f/5.6 தரும் விவரமோ அரை மீட்டரிலேயே கண்ணின் தேவையைத் தாண்டியது. அதற்கு மேல் கூட்டுகிற கூர்மையைப் பார்க்க, மூக்கைப் பிரிண்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும் நடுவர்தான் வேண்டும்!

f/16 கேட்கும் விலை இத்துடன் முடிவதில்லை. f/5.6-இலிருந்து அது மூன்று ஸ்டாப் தூரம். 1/250 நொடி இருந்த இடத்தில் 1/30 வைத்தால் பூத் தொடுக்கும் விரல்கள் இழுபடும். ஷட்டரை விடாமல் பிடித்தால் ஐஎஸ்ஓ 400-இலிருந்து 3200-க்கு ஏறும். நிழல்களில் நாய்ஸ் தலைகாட்டும். இத்தனையும் கொடுத்து வாங்கியது என்ன? பின்னால் நிற்கும் ஆட்டோவின் நம்பர் பிளேட்டும் சுவரொட்டியின் எழுத்தும் தெளிவாக வந்திருக்கின்றன. கண் அந்த எழுத்தைப் படிக்கப் போய்விடுகிறது; அம்மாவின் விரல்களுக்குத் திரும்பி வர நேரமாகிறது.

3. விளிம்பில் நடப்பது

மங்கலைச் சரிக்கட்ட நம் ஆள் கணினியில் Sharpening-ஐ ஏற்றுகிறார். மென்பொருள் புதிய விவரம் எதையும் கண்டுபிடித்துத் தருவதில்லை. அது படத்தின் மங்கலான நகல் ஒன்றை உண்டாக்கி, மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள வித்தியாசத்தை மூலத்தோடு கூட்டுகிறது. இருட்டறைக் காலத்தில் நெகட்டிவுடன் ஒரு மங்கலான பாசிட்டிவைச் சேர்த்து வைத்துச் செய்த வேலையின் வாரிசு இது. ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற முரணான பெயர் அப்படித்தான் வந்தது.

எண்களில் பார்த்தால் விளங்கும். மின்கம்பி ஒன்றின் விளிம்பில் கம்பிப் பக்கம் ஒளியளவு 100, வானப் பக்கம் 160 என்று கொள்வோம். மங்கலான நகலில் அவை 120, 140 என ஆகின்றன. வித்தியாசம் ஒரு பக்கம் −20, மறுபக்கம் +20. அதை முழுதாகக் கூட்டினால் கம்பி 80 ஆகிறது, வானம் 180 ஆகிறது. ஒக்கலிபுரத்து வானத்தில் அன்றைக்கு 180 எங்குமே இல்லை. கம்பியை ஒட்டி ஓடுகிற அந்த வெள்ளைக் கோடு நாம் உண்டாக்கியது. இதைத்தான் ஹேலோ என்கிறோம். மின்கம்பி, மரக்கிளை, கட்டட உச்சி, எதுவாயினும் வெளிறிய வானத்துக்கு எதிரே இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

முகத்தில் கேடு வேறு மாதிரி. மென்பொருளுக்கு இமைமுடியும் விளிம்புதான், தோல் துளையும் விளிம்புதான், நாய்ஸ் புள்ளியும் விளிம்புதான். எல்லாவற்றையும் சேர்த்தே தூக்கிவிடும். கன்னம் உப்புத்தாள் போலாகிறது. அதைச் சரிசெய்ய நாய்ஸ் குறைப்பை இழுத்தால் தோல் மெழுகாகிவிடுகிறது. மெழுகுத் தோலில் முள்முள்ளாக நிற்கும் இமைகள் கொண்ட முகங்களை நம் கண்காட்சிகளில் நிறையப் பார்க்கிறேன். எனக்கு அவை ஒருபோதும் பிடித்ததில்லை.

லைட்ரூமில் இதற்கு எளிய வழி உண்டு. Masking என்ற பட்டையை, விண்டோஸில் Alt விசையை அழுத்தியபடி, வலப்பக்கம் நகர்த்துங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டுமே கூர்மை ஏறும், கறுப்பு தப்பிக்கும். கண், உதடு, மல்லிகை மொட்டுகள் மட்டும் வெள்ளையாக நிற்கிற இடத்தில் நிறுத்தினால் போதும்.

4. காமரூன் நிறுத்திய இடம்

கூர்மையை வேண்டாம் என்று சொல்லிப் பெயர் வாங்கியவர் ஜூலியா மார்கரெட் காமரூன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். கேமரா கைக்கு வந்தபோது அவருக்கு வயது 48. லண்டன் ஒளிப்பட வட்டாரம் அவருடைய மங்கலைப் பிழை என்று ஏளனம் செய்தது. ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே வரும்போது தன் கண்ணுக்கு அழகாகப்பட்ட இடத்தில் நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் திருகமாட்டேன் என்பது அவர் தந்த விளக்கம். பெரிய கண்ணாடித் தகடு, நிமிடக் கணக்கில் எக்ஸ்போஷர், ஆழம் மிகக் குறைந்த ஃபோகஸ். உட்கார்ந்திருப்பவர் மூச்சு விட்டாலே விளிம்பு இளகிவிடும்.

1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, களுத்துறையிலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் அங்கிருந்த எளிய மக்களைப் படமெடுத்தார். 1879-இல் அங்கேயே இறந்தார்.

அவரிடம் கற்கவேண்டியது மங்கலை அல்ல. அவர் படங்களில் ஒளி முகத்தின் ஒரு பக்கத்தில் விழுந்து, மறுபக்கம் இருளில் கரையும். முகத்தின் எடுப்பை ஒளியே வரைந்துவிடுவதால் விளிம்பு இளகியும் ஆள் நம் முன் நிற்கிறார். அந்த ஒளி இல்லாமல் ஃபோகஸை மட்டும் தளர்த்தினால் கிடைப்பது வெறும் தவறிய படம்.

5. வரம்பு

பறவையின் கண், ஓலைச்சுவடி, கல்வெட்டு இவற்றில் மங்கலுக்கு இந்தச் சலுகை இல்லை. கல்வெட்டில் ஒரு புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும்.

மற்றப் படங்களிலும் மங்கல் எதனால் வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் வாதாட வேண்டும். படத்திலுள்ள ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. முகம் மங்கி, காதோ பின்னலோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் நழுவியிருக்கிறது. சாலையும் சுவரும் அசையாமல் நிற்க, விரல்கள் மட்டும் இழுபட்டிருந்தால் அது அந்த அம்மாவின் வேகம். அந்தப் படத்தைத் தள்ளுபடி செய்யும் முன் இன்னொரு முறை பார்க்கச் சொல்வேன்.