ஒரு தாளில் இரண்டு பத்திரிகை

தங்கையின் வளைகாப்புக்கு நாற்பது பத்திரிகை இருந்தால் போதும். ஆஃப்செட் அச்சகத்தில் நாற்பது அடித்தாலும் நானூறு அடித்தாலும் தகடு செய்யும் செலவு ஒன்றுதான். அதனால் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரிலேயே அடிப்பது என்று முடிவானது.

ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் கார்டு ஆகிவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் வீட்டு பிரிண்டர்களில் பெரும்பாலானவை தாளின் ஓரம் வரை மை போடுவதில்லை. ஓரம் வரை நிறம் வேண்டுமென்றால் கார்டைத் தாளைவிடச் சிறியதாக வைத்து, நிறத்தை வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டி அடித்து, பிறகு நறுக்க வேண்டும். அந்த நீட்டலை அச்சகத்தார் பிளீட் என்பார்கள். கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாமல் காப்பது அதுதான்.

அளவு இப்படி அமைந்தது. விரித்த கார்டு 180-க்கு 125 மி.மீ.; மடித்தால் அகலம் 90. தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கார்டு, நடுவே 6 மி.மீ. இடைவெளி. இடமும் வலமும் 15 மி.மீ. மிஞ்சுகிறது, பிளீட் போக டிரிம் மார்க் போட அது தாராளம். டிரிம் மார்க் என்பது வெட்டுக் கோட்டின் நேரே, பிளீட்டுக்கு வெளியே நிற்கும் 5 மி.மீ. மெல்லிய கோடு. மடிப்புக்கும் இதேபோல் மேலும் கீழும் புள்ளிக் கோடு.

வெளிப்பக்கத்தில் முகப்பு வலது பாதியில் வரும், பின்னட்டை இடது பாதியில். தாளைப் புத்தகத்தின் ஏடு போல இடவலமாகத் திருப்ப வேண்டும் என்பதால் பிரிண்டர் அமைப்பில் Flip on long edge. அளவில் Actual size. Fit என்று விட்டுவிட்டால் 180 மி.மீ. சுருங்கிவிடும். ஸ்கேல் வைத்து அளந்தால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகிறதா என்பதுதான் வீட்டு அச்சில் பெரிய சிக்கல். உருளை தாளை இழுக்கும்போது சற்றே நகரும். அதனால் சாதாரணத் தாளில் இரு பக்கமும் மார்க்கோடு அடித்து, ஒரு மார்க்கின் நுனியில் ஊசியால் குத்திப் பின்பக்கம் பார்த்தோம். உள்பக்கம் ஒரு மில்லிமீட்டர் வலப்புறம் தள்ளியிருந்தது. கோப்பில் உள்பக்கம் முழுவதையும் அதே அளவு இடப்புறம் நகர்த்தியதும் சரியானது. கெட்டித் தாளில் நகர்வு மாறலாம் என்பதால் 250 ஜிஎஸ்எம் தாளிலும் ஒருமுறை குத்திப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பக்க மை நன்றாகக் காய்ந்த பிறகே மறுபக்கம்.

தாளுக்கு இழை உண்டு. இரு திசையிலும் லேசாக வளைத்தால், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவின் கோடுதான் இழையின் போக்கு. மடிப்பு அதோடு ஒத்துப் போனால் விளிம்பு பிசிறாது. நம் அமைப்பில் மடிப்பு தாளின் நீளவாக்கில் விழுகிறது. எங்கள் தாளின் இழையும் அப்படியே இருந்தது.

இனி கத்தி வேலை. இதில் வரிசைதான் எல்லாம். மடிப்புக் கோட்டை முதலில் பதிக்க வேண்டும், ஏனென்றால் அதன் மார்க்குகள் கழிவுத் துண்டில்தான் இருக்கின்றன; வெட்டியபின் அவை போய்விடும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால், வெளிப்பக்கத்தில், எஃகு ஸ்கேலை ஒட்டி அழுத்தி இழுத்தால் பள்ளம் விழும். மறுபக்கம் எழும் புடைப்பு மடிப்பின் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும்.

வெட்டும்போதும் அதே கவனம். ஓரத்தைத் தாளின் முனையிலிருந்து முனைவரை வெட்டிவிட்டால் மற்ற வெட்டுகளுக்கான மார்க்குகள் சேர்ந்து போய்விடும். மார்க்குகளை ஸ்கேலால் இணைத்து, கார்டின் மூலையிலிருந்து மூலைவரை மட்டும் வெட்டுவோம். மூலையைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கத்தி போனால் போதும், நான்காவது வெட்டில் கார்டு தானாகக் கழன்று விழும். தாள் சட்டம்போல் மீதி நிற்கும். ஸ்கேல் எப்போதும் கார்டின்மேல் இருக்க வேண்டும், அப்போதுதான் கத்தி வழுக்கினாலும் காயம் கழிவில் படும். ஒரே அழுத்தில் அறுக்காமல் மூன்று நான்கு முறை மெல்ல இழுப்பது நல்லது. வெட்டு பஞ்சுபோல் பிசிறினால் பிளேடு மழுங்கிவிட்டது. ஒரு கண்ணியை ஒடித்துவிட்டுத் தொடரலாம்.

அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவாமல் பத்திரிகை கொடுக்கமாட்டார். குழைத்த மஞ்சளின் ஈரம் பட்டால் இங்க்ஜெட் மை கரையும். அதனால் முகப்பின் மூலைகளில் எழுத்தோ நிறமோ வைக்காமல், விரல் நுனி அளவு இடத்தை வடிவமைக்கும்போதே வெறுமையாக விட்டிருந்தோம்.