முகவரா, டீலரா?

சிமெண்ட் ஆலை ஒன்றுக்கு டீலர்ஷிப் கேட்டு நண்பர் எழுதிய விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தேன். கடையின் அளவு, கிடங்கு, இரும்புக் கடை அனுபவம் எல்லாம் சரி. ‘தங்கள் முகவராக நியமிக்க வேண்டுகிறேன்’ என்ற வரிதான் இடறியது. முகவர் என்பவர் இன்னொருவரின் முகமாக நிற்பவர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்லும் ஏஜெண்டும் அவரே. சரக்கு முதலாளியுடையது, இவருக்குக் கமிஷன். டீலரோ தன் பணத்தில் வாங்கி விற்பவர்; மூட்டை இறுகிப்போனாலும் கடன் வராமல் போனாலும் நட்டம் அவர் தலையில். வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் ‘டீல்’ என்றால் பங்கு, பகுத்துக் கொடுத்தல். சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுபவரை இன்றும் டீலர் என்பது அந்தப் பொருளில்தான். பகிர்வு பேரமாகி, பேரம் வணிகமானது. தமிழில் விநியோகஸ்தர் என்றால் டீலருக்கும் மேலே உள்ள மொத்தக்காரர் நினைவுக்கு வருகிறார். விற்பனையாளர் என்றால் கடைப்பையனும் அடக்கம். ‘கொள்வணிகர்’ எனலாம், கொண்டு விற்பவர் என்று பொருள் நேராக நிற்கிறது. இந்த வேறுபாடு விண்ணப்பத்தின் இன்னொரு இடத்திலும் தெரிந்தது. மாத விற்பனை எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில் நண்பர் 100 டன் என்று போட்டிருந்தார். அதாவது 50 கிலோ மூட்டை 2,000. அவர் ஊரில் வீடு கட்டுவோரைக் கணக்கிட்டால் 30 டன்னே தாராளம். சொன்ன அளவு பிறகு இலக்காகி, எடுக்காத மாதம் தள்ளுபடி போய்விடும். முகவர் என்று எழுதுபவருக்கு இந்தப் பயம் வருவதில்லை. கொள்வணிகர் என்ற சொல் பழகும்வரை விண்ணப்பத்தில் டீலர் என்றே எழுதுங்கள்.