8 பேர் விடுவித்தும் ஆயுள் தண்டனை... நானாவதி வழக்கில் ஜூரி சறுக்கியது எப்படி?

1959 ஏப்ரல் 27. தன் மனைவியோடு தொடர்பில் இருந்த பிரேம் அஹுஜாவை, பம்பாயில் அவரது ஃபிளாட்டிலேயே சுட்டுக் கொன்றார் கடற்படை கமாண்டர் நானாவதி. பிறகு அவரே போய் போலீசில் சரணடைந்தார்.

வழக்கு ஜூரி முன் வந்தது. ஜூரி என்றால் சட்டம் படிக்காத சாதாரண ஆட்கள் 9 பேர். சாட்சிகளைக் கேட்டுவிட்டு, தனி அறையில் கூடிப் பேசி முடிவு சொல்வார்கள். 8 பேர் 'குற்றவாளி இல்லை' என்றார்கள். ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

சாட்சியம் என்ன சொன்னது?

மனைவி விஷயத்தைச் சொன்னதும் நானாவதி உடனே சுடவில்லை. குடும்பத்தை சினிமா தியேட்டரில் விட்டார். கப்பலுக்குப் போய், பொய்க் காரணம் சொல்லி ரிவால்வர் வாங்கினார். அதன் பிறகுதான் அஹுஜாவைத் தேடிப் போனார். கைகலப்பில் தவறுதலாக வெடித்தது என்றது அவர் தரப்பு. ஆனால் குளித்துவிட்டு வந்த அஹுஜாவின் இடுப்பில் இருந்த டவல், குண்டடி பட்ட பிறகும் அவிழவில்லை. கட்டிப் புரண்டிருந்தால் டவல் நிற்குமா என்ன?

பத்திரிகை செய்த வேலை

'பிளிட்ஸ்' வார இதழ் நானாவதியைத் துரோகத்துக்கு ஆளான வீரராகவே காட்டியது. தெருவில் 'அஹுஜா டவல்', 'நானாவதி ரிவால்வர்' என்று பொம்மை விற்கும் அளவுக்குப் பரபரப்பு.

'வெளியே படித்ததை மறந்துவிடுங்கள்' என்று நீதிபதி சொன்னால் போதாதா? போதாது. மாதிரி ஜூரிகளை வைத்து நடந்த ஆய்வுகளில், செய்தியில் படித்த தகவலைக் கோர்ட்டில் கேட்டதாகவே சிலர் நினைத்துக்கொள்வது தெரியவந்தது. பொய் சொல்வதில்லை, நினைவு குழம்பிவிடுகிறது.

கூடிப் பேசினால் சரியாகாதா?

பெரும்பாலும் ஆகாது. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து உள்ளே போனால், அந்தப் பக்கத்து வாதங்களே திரும்பத் திரும்பக் காதில் விழும். வெளியே வரும்போது சாய்வு இன்னும் கூடியிருக்கும். அமெரிக்க ஜூரிகளைப் பற்றிய 1966 ஆய்வில், 10 வழக்குகளில் சுமார் 9-ல் முதல் ஓட்டில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ, தீர்ப்பும் அந்தப் பக்கமே.

அப்புறம் என்ன ஆச்சு?

ஜூரி முடிவை ஏற்காத செஷன்ஸ் நீதிபதி, வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். பழியைப் பத்திரிகை மீது மட்டும் போட முடியாது. ஜூரிக்கு அந்த நீதிபதி சட்டத்தை விளக்கியதிலேயே பிழைகள் இருந்ததாக ஹைகோர்ட் சொன்னது. ஆயுள் தண்டனை விதித்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆத்திரம் தணிய அவருக்கு சுமார் 3 மணி நேரம் இருந்தது என்பது முக்கியக் காரணம். 1964-ல் ஆளுநர் மன்னிப்பு கொடுத்தார்.

இதுதான் இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்று பலரும் பகிர்வது தப்பு. 1973-ல் புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரும் வரை சில இடங்களில் ஜூரி இருந்தது.