இரண்டாம் கட்டச் சோதனை (அமெரிக்க நுழைவாயில்கள்)

அமெரிக்காவுக்குள் நுழைய வரும் ஒருவரை முதல் கவுன்ட்டரிலேயே அனுப்பிவிடாமல், கூடுதல் விசாரணைக்காகத் தனி அறைக்கு அனுப்புவதே இரண்டாம் கட்டச் சோதனை. பயணிகள் பேச்சுவழக்கில் இதை ‘செகண்டரி’ என்பார்கள். இதை நடத்துவது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் 2003 முதல் இயங்கும் சுங்க, எல்லைப் பாதுகாப்பு முகமை (சி.பி.பி.). விமான நிலையம், துறைமுகம், தரைவழி எல்லை ஆகிய எல்லா நுழைவாயில்களிலும் இது உண்டு. அபுதாபியில் விமானம் ஏறுவதற்கு முன்பே அமெரிக்க அதிகாரிகள் சோதிக்கும் மையத்திலும் உண்டு.

செகண்டரிக்கு அனுப்பப்படுவது கைது அல்ல, குற்றச்சாட்டும் அல்ல. முதல் கவுன்ட்டரில் ஓர் அதிகாரிக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான். அதற்குள் முடிக்க முடியாத எதையும் அவர் உள்ளே தள்ளிவிடுவார். பெயர் வேறொருவரின் பெயரோடு ஒத்துப்போகலாம், மாணவர் விசாவின் பதிவு கணினியில் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், குலுக்கல் முறையில் பெயர் வந்திருக்கலாம். 2009 ஆகஸ்டில் நூவர்க் விமான நிலையத்தில் நடிகர் ஷாருக் கானை இப்படி உட்காரவைத்து விசாரித்தது இந்தியாவில் பெரிய செய்தியானது. அவர் அதன்பின் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டார். உள்ளே அனுப்பப்படுவோரில் பெரும்பாலானவர்களின் கதையும் அப்படித்தான் முடிகிறது.

பெட்டிகளுக்கான செகண்டரி தனி. ஊறுகாய், மசாலாப் பொடி எல்லாவற்றையும் படிவத்திலோ வாய்மொழியிலோ சொல்லிவிட்டால் அங்கே சிக்கல் குறைவு. கறிவேப்பிலை மட்டும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வருவதால் பிடுங்கிவிடுவார்கள். மறைத்திருந்தால் அபராதமும் உண்டு. இக்கட்டுரை பேசுவது ஆளை விசாரிக்கும் செகண்டரியைப் பற்றி.

அறைக்குள் நடப்பது

பாஸ்போர்ட்டை ஓர் உறைக்குள் வைத்து முன்னால் அனுப்புவார்கள். வரிசையாக நாற்காலிகள், எதிரே உயரமான மேசை, கைப்பேசி பயன்படுத்தக் கூடாது என்ற அறிவிப்பு. பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அது 20 நிமிடமாகவும் இருக்கலாம், பல மணி நேரமாகவும் இருக்கலாம். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இணைப்பு விமானம் போய்விடும் என்று அதிகாரியை அவசரப்படுத்துவதால் பயன் இல்லை. அந்த விமானத்தை விமான நிறுவனம் பெரும்பாலும் மாற்றித் தரும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

சட்டத்தின் பார்வை பயணிக்குச் சாதகமானதல்ல. கையில் விசா இருந்தாலும், உள்ளே நுழையத் தகுதி உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு வருபவருடையது. விசா என்பது வாசல்வரை வருவதற்கான அனுமதி. வாசலில் முடிவெடுப்பவர் சி.பி.பி. அதிகாரி. சுற்றுலா விசாவில் வருபவர் திரும்பிப் போவார் என்பதையும், மாணவர் படிக்கத்தான் வருகிறார் என்பதையும் அவர் நம்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டிலிருந்து போகும் பெற்றோருக்கு அடிக்கடி நேரும் நிலை இது. மதுரையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 10 ஆண்டு செல்லுபடியாகும் பி-2 விசா வைத்திருக்கிறார். மகளின் பிரசவத்துக்காகச் சென்ற பிப்ரவரியில் போய் ஆகஸ்டில் திரும்பியவர், நவம்பரில் மறுபடி போகிறார். முதல் கவுன்ட்டரில் “எதற்கு வந்தீர்கள்?” என்று கேட்க, “பேத்தியைப் பார்த்துக்கொள்ள” என்கிறார். அவ்வளவுதான், செகண்டரி.

அதிகாரியின் கணக்கு இதுதான். ஆறு மாதம் இருந்துவிட்டு மூன்றே மாதத்தில் திரும்பி வருகிறார் என்றால், இவர் வசிப்பது எங்கே? சம்பளம் வாங்காவிட்டாலும், காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை இவர் செய்கிறாரா? பி-2 விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கைப்பேசியைத் திறந்து பார்க்கும்போது மகள் அனுப்பிய வாட்ஸ்அப் வரி கண்ணில் படுகிறது: ‘நீ வந்துட்டா டேகேர் காசு மிச்சம்மா’. வீட்டுக்குள் அன்பாகச் சொன்ன அந்த வரிக்கு மேசைக்கு அப்பால் வேறு எடை வந்துவிடுகிறது.

இங்கே அந்த அம்மாவுக்குத் துணை நிற்பது உண்மையும் காகிதமும். திரும்பும் தேதி ஜனவரி 20 என்று போட்ட டிக்கெட், மதுரையில் மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தின் வங்கிப் பதிவு, ஊரில் இருக்கும் கணவர், சொந்த வீட்டின் வரி ரசீது. இவை கைப்பையில் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டிக்குள் போட்டவை விசாரணை முடியும்வரை கைக்கு வராது. “பேத்தியோடு இருக்க வந்தேன். எனக்குச் சம்பளம் கிடையாது. பகலில் குழந்தை காப்பகத்துக்குப் போகிறது” என்பது உண்மையானால், அதை அந்த மூன்று வாக்கியத்தில் சொல்லி நிறுத்தலாம். உண்மை இல்லையென்றால் சொல்லக் கூடாது. பொய் சொல்லி நுழைய முயன்றதாக முடிவானால், விலக்கு வாங்கினாலொழிய வாழ்நாள் முழுவதும் நுழைய முடியாத தடை வரும். சந்தேகத்தால் திருப்பி அனுப்பப்படுவதைவிட அது மிகப் பெரிய இழப்பு.

கையெழுத்துக்கு முன்

அதிகாரி திருப்தி அடைந்தால் அனுமதித்து அனுப்பிவிடுவார். பி-2 விசாவுக்கு வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். திருப்தி அடையாவிட்டால் இரண்டு வழிகள் திறக்கின்றன. இவற்றின் வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

முதலாவது, நுழைவு விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெறுதல். ஐ-275 என்ற படிவத்தில் பதிவாகும். விசா பெரும்பாலும் ரத்தாகும், அடுத்த விமானத்தில் ஊர் திரும்ப வேண்டும். ஆனால் இத்தனை ஆண்டு வரக் கூடாது என்ற தடை இதனால் மட்டும் விழாது. தூதரகத்தில் மறுபடி விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, விரைவு வெளியேற்ற ஆணை. நீதிபதி இல்லாமலே அதிகாரி எழுதி, மேலதிகாரி ஒப்புதல் தருவது. ஐந்து ஆண்டு தடை அதோடு வரும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது பயணியின் உரிமை அல்ல, அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆனாலும் “நான் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அனுமதியுங்கள்” என்று தெளிவாகக் கேட்கலாம். கேட்க வேண்டும்.

வெளியேற்ற நடவடிக்கை தொடங்கும்போது கேள்வியும் பதிலுமாக வாக்குமூலம் எழுதப்படும். அதன் கடைசியில் படிவத்திலேயே சில கேள்விகள் உண்டு: ஏன் ஊரைவிட்டு வந்தீர்கள், திரும்பிப் போக அச்சம் உண்டா, திருப்பி அனுப்பினால் உங்களுக்குத் தீங்கு நேருமா, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா. அச்சம் உண்மையாக இருந்தால் அதை அங்கேயே சொல்ல வேண்டும். சொன்னால் புகலிட அதிகாரியின் நேர்காணலுக்கு அனுப்புவார்கள். வாக்குமூலத்தைப் பயணியே படிக்க வேண்டும், அல்லது அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும், திருத்தம் செய்த இடத்திலும் அவர் சுருக்கொப்பம் இட வேண்டும். தமிழில் விளங்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டியதில்லை. “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று கேட்டால் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்ய வாய்ப்புண்டு. சுமாரான ஆங்கிலத்தில் சமாளிப்பதைவிட இது பாதுகாப்பானது.

இந்த அறையில் எழுதப்படுவது ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கே சாட்சி. மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கெஜ தூரத்துக்குள் பிடிபட்ட அவரது புகலிடக் கோரிக்கை நேர்காணலில் நிராகரிக்கப்பட்டது. அந்த முடிவை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அவர் கேட்டதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில், துரைசிங்கம் வழக்குத் தீர்ப்பில் ஏற்கவில்லை. விரைவு வெளியேற்றத்தில் நீதிமன்றத்தின் கை எட்டுவது மிகக் குறைவு. பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

யாருக்கு என்ன உரிமை

அமெரிக்கக் குடிமகனை உள்ளே விட மறுக்க முடியாது. காத்திருக்க வைக்கலாம், பொருள்களைச் சோதிக்கலாம், அவ்வளவே.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குப் பலமான ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதைத் தெரியாமலே பலர் விட்டுக்கொடுக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்காகக் கார்டு வாங்கிவிட்டு ஆண்டின் பெரும்பகுதி கோயம்புத்தூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் முதியவர்களிடம் ஐ-407 படிவத்தை நீட்டுவதுண்டு. நிரந்தர வசிப்புரிமையை நானாகவே விட்டுவிடுகிறேன் என்பதுதான் அதன் பொருள். அதில் கையெழுத்திடும் கட்டாயம் யாருக்கும் இல்லை. மறுத்தால் குடிவரவு நீதிபதியின் முன் விசாரணைக்கு நோட்டீஸ் தரலாம். அதுவரை அவரது நிலை போய்விடாது. அங்கே வழக்கறிஞரோடு வாதாடலாம். அலுப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் ‘சீக்கிரம் முடிந்தால் போதும்’ என்று போடும் கையெழுத்து, பல ஆண்டு காத்துப் பெற்றதை அந்த மேசையிலேயே முடித்துவிடும்.

விசாவில் வருபவருக்குச் செகண்டரியில் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. குற்றவியல் விசாரணையின் இலக்காகிக் காவலில் எடுக்கப்பட்டால் மட்டுமே அது வரும். ஆனால் தடுத்து வைக்கப்பட்டால் இந்தியத் தூதரகத்துக்கோ இலங்கைத் தூதரகத்துக்கோ தெரிவிக்கும்படி கேட்கலாம். உணவு, தண்ணீர், கழிப்பறை, மருந்து கேட்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் மாத்திரையையும் பிஸ்கட்டையும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். கேட்கத் தயங்கவும் வேண்டாம்.

கைப்பேசி

எல்லையில் சாதனங்களைச் சோதிக்கப் பிடியாணை தேவையில்லை என்பதே முகமையின் நிலைப்பாடு. 2018 ஜனவரியில் வெளியான அதன் விதிமுறை, அதிகாரி கையால் புரட்டிப் பார்ப்பதையும், கருவியோடு இணைத்துத் தகவலை நகலெடுப்பதையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. இரண்டாவதற்கு நியாயமான சந்தேகமோ நாட்டுப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும். சாதனத்துக்குள் இருப்பதை மட்டுமே பார்க்கலாம். இணைய இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். கடவுச்சொல் தர மறுத்தால் குடிமகனின் கைப்பேசி பறிபோகலாம், ஆள் உள்ளே போய்விடுவார். விசாக்காரர் மறுத்தால் நுழைவே மறுக்கப்படலாம். சாதனத்தை வைத்துக்கொண்டால் ரசீது கேட்டு வாங்க வேண்டும். சோதனைக்கு முன் அவசரமாகச் செய்திகளை அழிப்பது சந்தேகத்தை வளர்க்கும். தேவையில்லாதவற்றை ஊரிலிருந்து கிளம்புமுன் குறைப்பது வேறு விஷயம்.

பதறாமல் பதில் சொல்ல

ஒரே கேள்வியைச் சற்று நேரம் கழித்து வேறு விதமாகக் கேட்பார்கள். பதில் மாறுகிறதா என்று பார்ப்பது அவர்களின் தொழில் முறை. தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் பயணி, இரண்டாம் முறை கோபத்தில் கூடுதலாகப் பேசிச் சிக்குவார். கேள்வியை முழுதாகக் கேட்டு, ஒரு மூச்சு விட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். தேதி நினைவில்லையென்றால் “சரியாக நினைவில்லை, பாஸ்போர்ட்டில் இருக்கும்” என்பதே சரியான பதில். ஊகித்துச் சொன்ன தேதி கணினியோடு ஒத்துப்போகாவிட்டால் பொய்யாகத் தெரியும். பார்க்கப்போகும் மகன் அல்லது மகளின் முகவரி, தொலைபேசி எண், வேலை பார்க்கும் நிறுவனம் ஆகியவை காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் கைப்பேசி கையில் இருக்காது. வெளியே காத்திருக்கும் அவருக்கும் முன்பே சொல்லிவைக்கலாம்: மூன்று மணி நேரம் தாமதமானால் பயப்பட வேண்டாம், அதிகாரி கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டும், இருவரும் சொல்வது ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருக்க எளிய வழி, பயணத்தின் உண்மைக் காரணத்தை இருவரும் முன்பே பேசிக்கொள்வது.

வெளியே வந்த பிறகு

அனுமதி கிடைத்ததும் இணையத்தில் ஐ-94 பதிவைத் திறந்து, தங்கும் கடைசித் தேதியையும் விசா வகையையும் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் சி.பி.பி.யின் ஒத்திவைக்கப்பட்ட சோதனை அலுவலகத்தில் திருத்தலாம். ஒவ்வொரு பயணத்திலும் பெயர்க் குழப்பத்தால் உள்ளே அனுப்பப்படுபவர், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘டிரிப்’ குறைதீர்ப்புத் திட்டத்தில் விண்ணப்பித்து ஓர் எண் பெறலாம். அடுத்த டிக்கெட் எடுக்கும்போது அந்த எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர் விமானம் ஏறுமுன் தனக்குத் தரப்படும் தாள்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த விசா நேர்காணலில் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான்.