நெருப்புக் காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும்
டைபொயிட், டைபஸ்: ஓர் ஒப்பாய்வு

உயிரியலோ தாதியியலோ படிக்கும் மாணவர் ஒருவர் முன் இப்படி ஒரு பல்தேர்வு வினா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: டைபொயிட் காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியா எது? (1) ரிக்கெட்சியா டைஃபி (2) சல்மொனெல்லா டைஃபி (3) சல்மொனெல்லா டைஃபிமியூரியம் (4) ரிக்கெட்சியா புரோவாசெக்கி (5) ஒரியென்சியா சுட்சுகமூஷி. முதல் மூன்றிலும் 'டைஃபி' ஒலிக்கிறது. விடை இரண்டாவது. இதை மனனம் செய்தவர் பரீட்சை அவசரத்தில் முதலாவதற்குக் கோடு போடுவது எளிது. மனனம் தவறக்கூடிய இடம் இது. இரண்டு நோய்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு அந்தத் தடுமாற்றம் வராது.

மத்திய மலைநாட்டுத் திகனயில் படிக்கும் பிள்ளைக்கு இது ஏட்டுச் சங்கதி மட்டுமல்ல. நெருப்புக் காய்ச்சல் என்று நம்மவர் சொல்லும் டைபொயிட்டும், டைபஸ் குடும்பத்துக் காய்ச்சல்களும் இலங்கையில் இன்றும் உண்டு. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் இரண்டுக்கும் தனித்தனி நிரல்கள் இருக்கின்றன. அங்கே டைபொயிட், குடற்காய்ச்சல் என்ற தலைப்பின் கீழ் வருகிறது. மத்திய மலைநாட்டில் ரிக்கெட்சியாக் காய்ச்சல்கள் காணப்படுவதைப் பேராதனை மருத்துவர்கள் 2003 இலேயே ஆய்வாக எழுதியிருக்கிறார்கள். மலைப்பகுதியில் அதிகம் தெரிவது உண்ணி பரப்பும் புள்ளிக் காய்ச்சல் வகை.

பெயர்கள் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டன? கிரேக்க மொழியில் 'டைஃபோஸ்' என்றால் புகை, மூட்டம். கடும் காய்ச்சலில் புத்தி மங்கி, கூப்பிட்டாலும் அரைத்தூக்கத்தில் கிடப்பவரின் நிலையை அந்தச் சொல் குறித்தது. அது நோயாளியின் தோற்றத்துக்கு வைத்த பெயர். காரணம் என்னவென்று அப்போது எவருக்கும் தெரியாது. பிறகு, டைபஸ் போலத் தெரிந்தாலும் சற்று வேறுபட்ட ஒரு காய்ச்சலுக்கு 'டைபஸ் போன்றது' என்ற பொருளில் டைபொயிட் என்று பெயரிட்டார்கள். 1837 இல் பிலடெல்பியாவில் வில்லியம் கெர்ஹார்ட் என்ற மருத்துவர், இறந்தவர்களின் உடல்களைத் திறந்து பார்த்து இரண்டையும் பிரித்துக் காட்டினார். டைபொயிட்டில் சிறுகுடலின் நிணநீர்த் திட்டுகள் வீங்கிப் புண்ணாகியிருந்தன. டைபஸில் குடல் அப்படி இல்லை. நோய்கள் பிரிந்துவிட்டன, பெயர்கள் பிரியவில்லை. பின்னாளில் பற்றீரியாக்களுக்குப் பெயர் வைத்தபோதும் இரண்டின் தலையிலும் அதே பழைய மூட்டம் ஏறிக்கொண்டது. டைஃபிமியூரியம் என்றால் எலிகளின் டைபஸ் என்று பொருள். எலிகளுக்கு டைபொயிட் போன்ற நோயைத் தரும் அந்தச் சல்மொனெல்லா, மனிதருக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கையே தருகிறது. ரிக்கெட்சியா டைஃபியோ எலித் தெள்ளு வழியாக மனிதருக்கு ஒருவகை டைபஸைத் தருகிறது.

ஆகவே பெயரை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது நல்லது: கிருமி வாய் வழியாக வந்ததா, தோல் வழியாக வந்ததா?

டைபொயிட் வாய் வழியாக வருவது. நோயாளியின் அல்லது நோய்க்காவியின் மலம் கலந்த நீரிலும் உணவிலும் சல்மொனெல்லா டைஃபி வந்து, குடற்சுவரைக் கடந்து குருதியில் சேர்கிறது. காய்ச்சல் பல நாட்களில் படிப்படியாக ஏறும். நெஞ்சிலும் வயிற்றிலும் சில இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம், ஆனால் மாநிறத் தோலில் அவை கண்ணில் படுவது கடினம். இந்தப் பற்றீரியா ஆய்வுகூடத்து வளர்ப்பூடகத்தில் வளரும். அதனால் முதல் வாரத்தில், மருந்து தொடங்குமுன் எடுத்த குருதி வளர்ப்பே நம்பகமான சான்று.

டைபஸ் குடும்பம் தோல் வழியாக வருவது. பேன், தெள்ளு, உண்ணி, சிற்றுண்ணி ஆகியவற்றில் ஒன்று இடையில் இருக்கும். ரிக்கெட்சியா, குருதிக் குழாய்களின் உட்சுவர்க் கலங்களுக்குள் புகுந்து அங்கேயே பெருகுகிறது. உயிருள்ள கலத்துக்கு வெளியே அதனால் வளர முடியாது. வழமையான குருதி வளர்ப்புப் போத்தலில் எத்தனை நாள் வைத்தாலும் அது முளைக்காது. சிதைவது குருதிக் குழாய்ச் சுவர் என்பதால் தோலில் புள்ளிகள் வெளிப்படையாகத் தெரியலாம். புள்ளிக் காய்ச்சலில் அவை கைகால்களில் எழுந்து உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும்.

இனி ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். திகனப் பக்கம் மாட்டுக்குப் பற்றையில் புல் அறுப்பவர் ஒருவர். ஆறு நாளாகக் காய்ச்சல், கடும் தலையிடி, உடம்பு உளைச்சல். ஐந்தாம் நாள் கைகால்களில் சிவந்த புள்ளிகள் எழுந்து உள்ளங்கையிலும் தெரிகின்றன. வைடால் சோதனை சற்று நேர்முடிவு காட்டியதால் டைபொயிட் என்று எண்ணி செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போடப்படுகிறது. மூன்று நாளாகியும் காய்ச்சல் தணியவில்லை.

இங்கே இரண்டு பிழைகள் நேரலாம். முதலாவது, வைடாலை அப்படியே நம்புவது. முன்பு வந்த தொற்று, முன்பு போட்ட தடுப்பூசி, வேறு சில காய்ச்சல்கள் என எதுவும் அந்த அளவை உயர்த்திக் காட்டக்கூடும். இரண்டாவது, மூன்று நாளில் தணியாததை மட்டும் வைத்து டைபொயிட் இல்லை என்று முடிவு கட்டுவது. சரியான மருந்து கொடுத்தாலும் டைபொயிட் காய்ச்சல் இறங்க ஐந்து நாள், சில வேளை ஒரு வாரம் எடுக்கும். இந்த நோயாளியில் தராசைச் சாய்ப்பது உள்ளங்கைப் புள்ளிகளும் பற்றைக்குள் செய்த வேலையும்தான். மருத்துவர் டொக்சிசைக்ளின் கொடுக்கிறார். ரிக்கெட்சியா என்றால் பெரும்பாலும் 48 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல் விட்டுவிடும். செஃப்ட்ரியாக்ஸோன் பற்றீரியாவின் கலச்சுவர் ஆக்கத்தைத் தடுப்பது. நம் கலத்துக்குள் ஒளிந்திருக்கும் ரிக்கெட்சியாவிடம் அது எடுபடாது. டொக்சிசைக்ளின் கலத்துக்குள் நுழைந்து கிருமியின் புரத ஆக்கத்தை நிறுத்துகிறது. நோயை உறுதிசெய்யும் பிறபொருளெதிரிச் சோதனைக்கு இரண்டு வார இடைவெளியில் இரு குருதி மாதிரிகள் வேண்டும். அதனால் முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே மருத்துவ வழக்கம்.

நெருப்புக் காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் என்ற தமிழ்ப் பெயர்கள் ஒன்றோடொன்று மயங்குவதில்லை. ஆனால் இரண்டாம் பெயருக்குள் இன்னொரு மயக்கம் உண்டு. மாட்டிலும் நாயிலும் நாம் காணும் உண்ணி புள்ளிக் காய்ச்சலைப் பரப்புவது. ஒரியென்சியா சுட்சுகமூஷி உண்டாக்கும் புதர் டைபஸையும் உண்ணிக் காய்ச்சல் என்றே சொல்கிறோம். அதைப் பரப்புவதோ கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் குடம்பி. அது கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருவடு இருக்கலாம். அக்குள், இடுப்பு, கவட்டி என்று மறைவான இடங்களில் தேடினால்தான் அது அகப்படும்.

மறுபடி வினாவுக்கு வருவோம். முதலாவது தெள்ளோடும், நான்காவது பேனோடும், ஐந்தாவது சிற்றுண்ணியோடும் வருபவை. மூன்றும் தோல் வழி. வாய் வழியாக வருபவை இரண்டும் சல்மொனெல்லாக்கள். அவற்றில் ஒன்று எலியின் பெயரைச் சுமக்கிறது. எஞ்சி நிற்பது சல்மொனெல்லா டைஃபி.