ஒரே பெயர், பல எழுத்து: வாடிக்கையாளர் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும் முறையின் வளர்ச்சி

தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்துக்குப் போகும்போது பல வடிவம் எடுப்பதற்கு எழுதுபவரின் கவனக்குறைவு காரணம் அன்று. தமிழில் க என்ற ஓர் எழுத்து இடத்துக்கேற்ப k, g, h என மூன்று விதமாக ஒலிக்கிறது. ச, ட, த, ப ஆகியவையும் இப்படியே. தமிழில் எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அந்தத் தேர்வைப் பள்ளியில் சேர்த்த ஆசிரியரோ, வங்கிக் கணக்கைத் தொடங்கிய எழுத்தரோ, பெயருக்கு உரியவரோ அவரவர் காதுக்கேற்பச் செய்கிறார்கள். சண்முகசுந்தரம் ஓரிடத்தில் Shanmugasundaram, இன்னோரிடத்தில் Sanmugasundharam. இரண்டுமே சரி.

ஹைதராபாத்தில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. 1806-இல் செகந்திராபாத் பெயர் பெற்ற காலத்திலிருந்தே படைமுகாமை ஒட்டித் தமிழர்கள் அங்கே குடியேறி வந்திருக்கிறார்கள். 1862-இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னாளில் மஹ்பூப் கல்லூரி ஆனது. முதலியார் என்ற ஒரு சொல் பழைய ஆவணங்களில் Moodeliar, Modeliar, Mudaliar, Mudaliyar எனப் பலவாறு வருகிறது. இன்று அங்கே வாழும் ஒரு தமிழரின் ஆதார் அட்டையில் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருக்கும், தமிழில் இருக்காது. சென்னைக் கிளையின் பழைய பதிவில் அதே பெயர் தமிழில் இருக்கலாம். இரண்டு கிளைகளின் பட்டியலையும் ஒன்றாக்கி, வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று அறிக்கை தர முனையும்போது ஒருவரே இருவராகவோ மூவராகவோ எண்ணப்படுகிறார்.

எழுத்துமுறைகளின் வரலாறு

இந்தியச் சொற்களை ரோமன் எழுத்தில் ஒரே சீராக எழுத வேண்டும் என்ற முயற்சி 1788-இல் வெளிவந்த வில்லியம் ஜோன்ஸின் கட்டுரையிலேயே தெளிவாகத் தெரிகிறது. 1870-களில் வில்லியம் வில்சன் ஹன்டர் வகுத்த முறை அரசு வழக்கானது. ஆங்கிலேயக் காதுக்கு எழுதப்பட்ட oo, ee போன்றவை பின்வாங்கி, u, i ஆகியவை வந்தன. Moodeliar, Mudaliar ஆன மாற்றம் இந்தப் போக்கைச் சேர்ந்தது. ஆனால் இவ்வகை முறைகளின் முதல் அக்கறை வரைபடத்திலும் விவரச்சுவடியிலும் வரும் ஊர்ப்பெயர்கள்தாம். ஆட்பெயர் ஆளுக்குரியது என்று விடப்பட்டது. பின்னர் வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையும் 2001-இன் ஐ.எஸ்.ஓ 15919 தரமும் நூலகங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பயன்பட்டன; எந்தக் குடும்பமும் ழகரத்துக்குக் கீழே கோடிட்ட l எழுதிப் பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழ் வாங்கியதில்லை. ஊர்ப்பெயரிலேயே கூட மாற்றம் எளிதன்று. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துவடிவத்தை மாற்றி ஆணையிட்டு, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே, எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் நாள் வரட்டும் என்று பட்டியல்களை இணைப்பவர் காத்திருக்க முடியாது.

ஒலிக் குறியீடுகள்

எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றானால் ஒரே குறியீடு கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு 1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததே சவுண்டெக்ஸ். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை நீக்கி, மற்ற மெய்களை ஆறு குழுக்களாக்கி மூன்று இலக்கம் தரும் முறை இது. இன்றும் பல தரவுத்தளங்களில் SOUNDEX என்ற கட்டளையாக இருப்பதால், பட்டியல் இணைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது இதில்தான்.

தமிழ்ப் பெயருக்கு இது இரண்டு பக்கமும் தவறுகிறது. எழிலரசி என்ற பெயரை Ezhilarasi, Yezhilarasi, Elilarasi என்று எழுதுகிறார்கள். சவுண்டெக்ஸ் இவற்றுக்குத் தருவது முறையே E246, Y246, E446. ஒருவர் மூவராகிவிட்டார். Dhanalakshmi D542 ஆகிறது. Thanaletchumi T543 ஆகிறது. முதல் எழுத்தைத் தொடாமல் வைப்பது ஆங்கிலக் குடும்பப்பெயர்களுக்குப் பொருந்தலாம். த, ச, ப போன்றவற்றில் தொடங்கும் தமிழ்ப் பெயருக்கு அதுவே முதல் பிழை. மறுபக்கம் Kannan, Kannamma இரண்டும் K550 ஆகின்றன. n, m இரண்டும் ஒரே குழு என்பதால் கண்ணனும் கண்ணம்மாவும் ஒருவராகிறார்கள்.

பின்னர் வந்த லெவன்ஸ்டைன் தொலைவு (1965), ஜாரோ-விங்க்லர் போன்றவை எழுத்துவரிசைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அளப்பவை. தட்டச்சுப் பிழைக்கு அவை நல்லவை. ஆனால் Selvam, Selvan இடையே ஓர் எழுத்துதான் வேறுபடுகிறது. Ezhilarasi, Elilarasi இடையே இரண்டு. அளவுகோல் அயலாரை நெருக்கி, ஒரே ஆளைத் தள்ளி வைக்கிறது.

தமிழ்ப் பக்கத்திலிருந்து கட்டும் குறியீடு

இந்தக் குறைக்கு மருந்து, இரு பட்டியலையும் ஆங்கில எழுத்துக்குக் கொண்டுபோகாமல், தமிழ் எழுத்து காட்டும் அளவு வேறுபாட்டுக்கே இரண்டையும் இறக்குவது. க, g, k, தனித்து நிற்கும் h ஆகியவை K. ச, ஜ, ஷ, ஸ, ch, s, sh, j ஆகியவை S. ட, த இரண்டும் ஆங்கிலத்தில் t, d, th, dh என்று கலந்தே வருவதால் அவற்றைப் பிரிக்க முயலாமல் T. ல, ள, ழ, l, zh ஆகியவை L. ண, ந, ன, n ஆகியவை N. ம, m ஆகியவை M. ப, p, b ஆகியவை P. ர, ற இரண்டும் R. ற்ற மட்டும் TR, வெற்றியை Vetri என்று எழுதும் வழக்கத்தால். சொல்லின் முதலில் வரும் உயிருக்கு A. சொல்லின் முதலில் e-க்கு முன் வரும் y-ஐ விட்டுவிடலாம், ஏசுவை யேசு என்றும் எழுதுவதால். மற்ற உயிர்கள் நீங்கும், இரட்டித்த மெய் ஒன்றாகும், இடைவெளி நீங்கும்.

இப்போது எழிலரசி ALLRS. மேலே சொன்ன மூன்று ஆங்கில வடிவங்களும் ALLRS. கண்ணன் KNN, கண்ணம்மா KNM. சண்முகசுந்தரம் எப்படி எழுதப்பட்டாலும் SNMKSNTRM. லட்சுமிக்குத் தனி விதி தேவை: ட்ச, க்ஷ, ksh, tch, x எல்லாவற்றையும் முதலிலேயே KS என்று மாற்றாவிட்டால் Laxmi, Lakshmi, Letchumi சேராது.

தமிழ் எழுத்தில் உள்ள பட்டியலிலும் ஒளிந்திருக்கும் பொறிகள் உண்டு. பழைய பதிவுகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறைகளில் இருந்தால் முதலில் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கண்ணுக்குத் தப்புவது கௌரி. சிலர் ஔகாரக் குறியைத் தட்டுகிறார்கள். சிலர் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

```python
import unicodedata as u
a = "கௌரி"
b = "கெளரி"
u.normalize("NFC", a) == u.normalize("NFC", b)   # False
```

ொ என்ற குறியை இரண்டு துண்டாகத் தட்டியிருந்தால் NFC சேர்த்துவிடும், இதைச் சேர்க்காது. முதலாவது KR, இரண்டாவது KLR என்று குறியீடு பிரியும். ஒற்றைக்கொம்புக்குப் பின் ள வந்து, அடுத்து மெய் வருமிடங்களைத் தனியே பட்டியலிட்டுக் கண்ணால் பார்ப்பதே பாதுகாப்பு. எல்லாவற்றையும் கண்மூடி மாற்றினால் தெளிவு, வெள்ளை போன்ற சொற்களில் உள்ள உண்மையான ள-வும் கெடும். ஶ்ரீ, ஸ்ரீ இரண்டும் இதே வகை. ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் ஸ தான் இருக்கும்.

தலைப்பெழுத்து

பெயர் சேர்ந்தாலும் தலைப்பெழுத்து பிரித்துவிடலாம். தமிழர் வழக்கில் அது பெரும்பாலும் தந்தை பெயரின் முதல் எழுத்து. தெலுங்கர் வழக்கில் இண்டிபேரு எனும் குடும்பப்பெயர் முன்னால் நிற்கும். ஹைதராபாத்தில் விண்ணப்பத்தை நிரப்புபவர் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதிவிடுவது இயல்பு. மேலும் தமிழ்த் தலைப்பெழுத்தும் ஆங்கிலத் தலைப்பெழுத்தும் ஒன்றுக்கொன்று அல்ல. ப. என்பது P ஆகலாம், B ஆகலாம், த. என்பது T அல்லது D; ஞா. என்பது ஞானசேகரனாக இருந்தால் G, எழுதுபவரைப் பொறுத்து N.

எடுத்துக்காட்டாக, சென்னைப் பட்டியலில் ஞா. எழிலரசி, ஹைதராபாத் பட்டியலில் Yezhilarasi Gnanasekaran, Elilarasi N என்று இரு வரிகள் இருப்பதாகக் கொள்வோம். மூன்றுக்கும் பெயர்க் குறியீடு ALLRS. தலைப்பெழுத்தைச் சரிபார்க்கையில் ஞா-வுக்கு G, N இரண்டும் ஏற்புடையவை என்பதால் மூன்றுமே நிற்கின்றன. இவை ஒரே ஆள் என்று இன்னும் சொல்ல முடியாது. பார்க்கத் தகுந்த சேர்க்கை என்று மட்டுமே சொல்லலாம். முதலிரண்டு வரிகளில் பிறந்த தேதியும் ஒத்து, மூன்றாவதில் ஆண்டே வேறானால், முதலிரண்டை இணைத்து மூன்றாவதைத் தனியே விடுவதே முறை.

முடிவெடுக்கும் கோட்பாடு

இந்த எச்சரிக்கைக்குக் கணக்கு வடிவம் தந்தவர்கள் கனடாவின் புள்ளியியல் துறையைச் சேர்ந்த இவான் ஃபெல்லகி, ஆலன் சன்டர். 1969-இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை ஒவ்வொரு ஒற்றுமைக்கும் எடை தரச் சொல்கிறது. நூறு பேரில் ஒருவருக்கு உள்ள பெயர் ஒத்துப்போவதைவிட, பத்தாயிரத்தில் ஒருவருக்கு உள்ள பெயர் ஒத்துப்போவது வலுவான சான்று. முருகனுக்குக் கிடைக்கும் எடை குறைவு, சண்முகசுந்தரத்துக்கு அதிகம். மெய்கள் குறைந்த பெயர்களில் மேற்சொன்ன குறியீடும் நலிந்துபோகிறது: கோபால், கபாலி இரண்டும் KPL, பாபுவும் பாப்பாவும் PP. மூன்று மெய்யோ குறைவாகவோ உள்ள குறியீட்டைப் பெயரை மட்டும் வைத்து இணைப்பது ஏற்கத்தக்கதன்று.

அந்தக் கட்டுரையின் மதிப்பு மிக்க பகுதி, விடைகள் இரண்டல்ல, மூன்று என்று வைத்ததுதான்: இணைப்பு, இணைப்பின்மை, இடையில் மனிதர் பார்க்க வேண்டிய குவியல். இந்த நடுக்குவியலைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஹைதராபாத்திலேயே சான்று இருக்கிறது. தெலங்கானா அரசின் ‘சமக்ர வேதிகா’ பல துறைகளின் பதிவுகளைப் பெயர், முகவரி முதலியவற்றால் இணைத்து, நலத்திட்டத் தகுதியை மதிப்பிடும் அமைப்பு. மாநிலத்தில் 2014-க்குப் பின் சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகள் ரத்தாயின. கணினி முடிவை நம்பி, முறையான கள ஆய்வின்றி ரத்து செய்ததாக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரலில் மறு சரிபார்ப்புக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. மறைந்த கணவரின் பெயரைப் போன்ற பெயருடைய வேறொருவருக்குக் கார் இருந்ததால், ஹைதராபாத்தில் ஒரு மூதாட்டியின் குடும்பத்துக்கு அட்டை மறுக்கப்பட்டதாக 2024-இல் செய்தி வெளிவந்தது. அந்தப் பெயர் தமிழ்ப் பெயர் அன்று. ஆனால் ஒரு பெயர் இன்னொன்றின் பகுதியாக இருந்ததால் நேர்ந்த அந்தக் குழப்பம், தந்தை பெயர் சில இடத்தில் விரிந்தும் சில இடத்தில் சுருங்கியும் வரும் தமிழ்ப் பட்டியலில் அப்படியே நிகழக்கூடியது.

வாடிக்கையாளர் அறிக்கையில் பிழையின் விலை ரேஷன் அட்டை அளவுக்கு இராது. எனினும் ஒழுங்கு ஒன்றே. மூலப் பட்டியலின் எழுத்துவடிவத்தை மாற்றாமல் வைத்து, குறியீட்டைத் தனி நெடுவரிசையில் எழுத வேண்டும். எந்தச் சான்றுகளால் இணைக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு சேர்க்கைக்கும் பதிய வேண்டும். அறிக்கையின் மொத்த எண்ணிக்கைக்கு அருகிலேயே, இன்னும் தீர்மானிக்கப்படாத சேர்க்கைகள் எத்தனை என்பதையும் தர வேண்டும். தவறாகச் சேர்ந்த இருவரைப் பின்னர் பிரிக்க, மூலப் பட்டியலின் வரி எண் மட்டுமே வழிகாட்டும்.