குருவானவர் உதட்டசைவில் சொல்வது என்ன?
நற்கருணைக்கு முன்னும் பின்னும் நாம் மனதுக்குள் சொல்லும் மன்றாட்டுகளின் கதை



அடுத்த ஞாயிறு திருப்பலியில் ஒன்றைக் கவனியுங்கள். உலகின் பாவம் போக்கும் செம்மறியை நோக்கி நாம் எல்லோரும் சேர்ந்து மன்றாடுகிறோம் அல்லவா? அந்த நேரத்திலோ அதை ஒட்டியோ குருவானவர் கைகளைக் குவித்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி நிற்பார். அவருடைய உதடுகள் அசையும். ஒலிபெருக்கியில் ஒன்றும் கேட்காது. சில பிள்ளைகள், சுவாமி அடுத்து வாசிக்க வேண்டிய பக்கத்தைத் தேடுகிறார் என்று நினைப்பதுண்டு. அவர் தேடவில்லை, தனக்காக மன்றாடுகிறார். திருப்பலி நூல் அந்த இடத்தில் இரண்டு சிறிய மன்றாட்டுகளைத் தந்து, அவற்றில் ஒன்றைத் தாழ்ந்த குரலில் சொல்லும்படி கேட்கிறது. அதே நேரத்தில் மக்களும் மனதுக்குள் மன்றாடித் தங்களை ஆயத்தம் செய்ய வேண்டும் என்று நூலின் முன்னுரை சொல்கிறது. அந்தச் சில நொடிகள் அவருக்கு எவ்வளவு சொந்தமோ உங்களுக்கும் அவ்வளவு சொந்தம்.

இப்படி மௌனமாகச் சொல்லும் மன்றாட்டுக்கும் எல்லோருக்குமாக உரத்த குரலில் சொல்லும் மன்றாட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு கேள்விகள் போதும். யாரைப் பார்த்துப் பேசுகிறது? ‘நான்’ என்கிறதா, ‘நாங்கள்’ என்கிறதா?

பலிபீடத்தில் சொல்லும் மன்றாட்டு எப்போதும் தந்தையை நோக்கியே இருக்க வேண்டும் என்று 393ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவின் ஹிப்போ நகரில் கூடிய ஆயர்கள் முடிவு செய்தார்கள். இன்றும் குருவானவர் கைகளை விரித்துச் சொல்லும் மன்றாட்டுகளில் பெரும்பாலானவை தந்தையிடம், இயேசு வழியாக, ‘நாங்கள்’ என்று பேசுபவைதான். ஆனால் அந்த உதட்டசைவு மன்றாட்டுகள் இரண்டும் நேராக இயேசுவைப் பெயர் சொல்லி அழைக்கின்றன. ‘என்னை’ என்று ஒருமையில் கேட்கின்றன. சபையின் முன்னால் நிற்பவர், அந்தக் கணத்தில் தனி ஆளாகத் தன் ஆண்டவரிடம் பேசுகிறார்.

அந்த இரண்டில் ஒன்று ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சுப் பகுதியில் எழுதப்பட்ட பூசைப் புத்தகத்திலேயே காணப்படுகிறது. தீமையிலிருந்து விடுவிக்கும்படியும், கட்டளைகளைப் பற்றி நிற்க உதவும்படியும் குரு அதில் கேட்கிறார். முடிவில், உம்மிடமிருந்து நான் ஒருநாளும் பிரிந்துபோக விடாதேயும் என்ற கருத்தில் ஒரு வேண்டுதல் வரும். இந்த வேண்டுதலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னால் அதை இன்னோர் இடத்தில் சந்திப்போம்.

நற்கருணை வழங்கி முடிந்த பின் குருவானவர் பாத்திரங்களைத் துடைக்கும்போதும் ஒரு மௌன மன்றாட்டு உண்டு. வாயால் உட்கொண்டதைத் தூய உள்ளத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டும், இக்காலத்தில் கிடைத்த கொடை என்றென்றைக்கும் மருந்தாக வேண்டும் என்பது அதன் பொருள். மேலே சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். மௌனமாகச் சொல்லப்பட்டாலும் இது ‘நாங்கள்’ என்றுதான் பேசுகிறது! காரணம், இது முதலில் மௌன மன்றாட்டே அல்ல. இத்தாலியின் வெரோனா நகரில் பாதுகாக்கப்படும், ஏழாம் நூற்றாண்டில் படியெடுத்த ஒரு தொகுப்பில், நற்கருணைக்குப் பின் சபைக்காகச் சொல்லும் மன்றாட்டாகவே இது இருக்கிறது. உரத்துச் சொன்னது காலப்போக்கில் குருவின் தனி மன்றாட்டாக மாறியிருக்கிறது. பன்மைச் சொல் மட்டும் பழைய வீட்டு முகவரிபோல அப்படியே நின்றுவிட்டது.

குருவின் பக்கம் இது. இனி நம்முடைய பக்கத்துக்கு வருவோம்.

நற்கருணை வாங்கி இருக்கைக்குத் திரும்பியதும் நம்மில் பலர் சொல்வது ‘கிறிஸ்துவின் ஆத்துமமே’ என்று தொடங்கும் செபம். இலத்தீனில் அதன் பெயர் ‘ஆனிமா கிறிஸ்தி’. பழைய செபப் புத்தகங்களில் இதைப் புனித லொயோலா இஞ்ஞாசியாரின் செபம் என்று போட்டிருப்பார்கள். இஞ்ஞாசியார் பிறந்தது 1491இல். ஆனால் பிரான்சின் அவிஞ்ஞோன் நகர நூலகத்தில் இருக்கும் ஒரு செபப் புத்தகத்தில், ஏறக்குறைய இன்றைய வடிவிலேயே இந்தச் செபம் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் புத்தகம் லக்சம்பர்க் பேதுரு என்ற கர்தினாலுக்குச் சொந்தமானது. அவர் இறந்தது 1387இல், இருபது வயதுகூட ஆகாத இளைஞராக. ஸ்பெயினின் செவில் நகரில் உள்ள அல்கசார் அரண்மனையின் வாயில் ஒன்றிலும் இந்தச் செபம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது பேதுரு மன்னர் ஆண்ட, 1350க்கும் 1369க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. ஆகவே இஞ்ஞாசியார் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

பிறகு எப்படி அவர் பெயர் ஒட்டிக்கொண்டது? தம்முடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில், இயேசுவோடு உரையாடி முடிக்கும் இடங்களில் இந்தச் செபத்தைச் சொல்லும்படி இஞ்ஞாசியார் எழுதினார். பெயரை மட்டும்தான் குறிப்பிட்டார், முழுச் செபத்தை எழுதவில்லை. நாம் ஒரு குறிப்பில் ‘அருள்நிறை மரியே சொல்லவும்’ என்று எழுதினால் போதுமல்லவா, அதுபோல. அவர் காலத்து மக்களுக்கு அது அவ்வளவு பழக்கம். பின்னாளில் நூலை அச்சிட்டவர்கள் வாசகர்களின் வசதிக்காக முழுச் செபத்தையும் முதல் பக்கங்களில் சேர்த்தார்கள். நூலைத் திறந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது இதுதான், ஆகவே இவரே எழுதினார் என்று நம்பிவிட்டார்கள். நம் முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரும் 1534இல் இஞ்ஞாசியாரிடமே அந்தப் பயிற்சிகளைச் செய்தவர். அவருக்கும் இது பழகிய செபமாகவே இருந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. இன்று நற்கருணை வாங்கிய பிறகு சொல்லும் இந்தச் செபத்தை, அது பிறந்த காலத்தில் பெரும்பாலும் சொன்னவர்கள் நற்கருணை வாங்காதவர்கள்!

அந்த நாள்களில் மக்கள் நற்கருணை வாங்குவது மிகவும் அரிதாக இருந்தது. தாங்கள் தகுதியற்றவர்கள் என்ற பயம் அவ்வளவு ஆழமாகப் போயிருந்தது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையாவது, பாஸ்கா காலத்தில் வாங்குங்கள் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. வாங்காதவர்கள் என்ன செய்தார்கள்? பார்த்தார்கள். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் பாரீஸ் பகுதியில், வசீகரம் செய்த அப்பத்தைக் குருவானவர் மக்கள் காணும்படி தலைக்கு மேலே உயர்த்தும் வழக்கம் வந்து, வேகமாகப் பரவியது. மணி அடிக்கும், எல்லாரும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். அதைக் காண்பதற்காகவே ஒரு கோவிலிலிருந்து இன்னொரு கோவிலுக்கு ஓடியவர்களும் உண்டு. நம் தாத்தா பாட்டிமார் ‘பூசை காணுதல்’ என்றும், அந்த நேரத்தை ‘நடுப்பூசை’ என்றும் சொன்னதை வீட்டில் கேட்டிருப்பீர்கள். அந்தக் ‘காணுதல்’ எத்தனை பொருத்தமான சொல் பாருங்கள்.

உயர்த்திய அப்பத்தைப் பார்த்தபடி மனதுக்குள் சொல்ல மக்களுக்குச் சொற்கள் தேவைப்பட்டன. அப்படிச் சொல்லப்பட்டவற்றில் ஒன்றுதான் ‘ஆனிமா கிறிஸ்தி’. இதைத் தெரிந்துகொண்டு அந்தச் செபத்தை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் இயேசுவின் ஆத்துமம், உடல், இரத்தம், விலாவிலிருந்து வழிந்த தண்ணீர், பாடுகள் என்று ஒவ்வொன்றாக அழைக்கிறது. பரிசுத்தமாக்கு, மீட்டுக்கொள், கழுவு, திடப்படுத்து என்று ஒவ்வொன்றிடமும் ஒரு வேலையைக் கேட்கிறது. ஈட்டியால் குத்தியபோது இரத்தமும் தண்ணீரும் வடிந்ததை யோவான் நற்செய்தி சொல்கிறது. கண்ணால் காணும் அப்பத்திலிருந்து சிலுவையின் காட்சிக்கு மனதை அழைத்துச் செல்லும் வழி இது. இரத்தத்திடம் கேட்பதற்கு இலத்தீனில் வரும் சொல்லின் நேர்ப்பொருள் ‘வெறியேறச் செய்’ என்பது. மதுவால் மயங்குவதுபோல உம்மால் என்னை நிரப்பும் என்கிறார், கிண்ணத்தைத் தொடவே வாய்ப்பில்லாத ஓர் எளிய மனிதர்.

பாதிக்குப் பின் குரல் மாறுகிறது. என்னைக் கேளும், உம் காயங்களுக்குள் ஒளித்துவையும் என்று கெஞ்சுகிறது. கோழிக்குஞ்சு சிறகுக்குள் ஓடுவதுபோல. அடுத்து வருவது எது தெரியுமா? உம்மிடமிருந்து பிரிந்துபோக விடாதேயும் என்ற அதே வேண்டுதல்! பீடத்தில் குருவானவர் வாங்குவதற்கு முன் உதட்டசைவில் கேட்பதும், வாங்கிய பின் நாம் முழந்தாளிட்டுக் கேட்பதும் ஒன்றே. அடுத்து சாவு வேளையில் அழையும் என்கிறது. ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டுபோன நூற்றாண்டில் அதைச் சொன்னவர்களுக்குச் சாவு வேளை என்பது தூரத்துப் பேச்சு அல்ல.

பார்த்தவர்களின் செபம், வாங்குகிறவர்களின் செபமாக எல்லோருக்கும் ஆனது மிக அண்மையில்தான். அடிக்கடி, தினமும்கூட நற்கருணை வாங்கலாம் என்று 1905இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் காலத்தில் ஆணை வந்தது. 1910இல், ஏறக்குறைய ஏழு வயதிலேயே பிள்ளைகள் வாங்கலாம் என்றும் வந்தது. பிள்ளைகளே, நீங்கள் மூன்றாம் நான்காம் வகுப்பில் வெள்ளை உடுப்போடு நிற்பது இந்த ஆணையால்தான். முன்பு நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து வாங்கினார்கள். அந்த ஒறுத்தல் 1957இல் மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. பசியே ஆயத்தமாக இருந்த காலம் போய், ஆயத்தத்தின் பாரம் முழுவதும் அந்த மௌன மன்றாட்டின் மேல் வந்து விழுந்திருக்கிறது.

ஆனால் அதற்கு நாம் இடம் விடுகிறோமா? நற்கருணை வழங்கி முடிந்ததும் குருவும் மக்களும் சிறிது நேரம் மௌனமாக மன்றாடலாம், அல்லது எல்லோரும் சேர்ந்து ஒரு புகழ்ப்பாடல் பாடலாம் என்கிறது திருப்பலி நூல். நாமோ பலமுறை பாடலுக்கு மேல் பாடலாக வைத்து, கடைசியில் அறிவித்தலுக்கு ஓடிவிடுகிறோம். பாடகர் குழுவைக் குறை சொல்லவில்லை, எங்கள் காதுகள்தான் அமைதிக்குப் பழகவில்லை. ‘கிறிஸ்துவின் ஆத்துமமே’ செபத்தை எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. இன்றைய இலத்தீன் திருப்பலி நூலின் பின்னிணைப்பில், பூசைக்குப் பின் நன்றி செலுத்தும் மன்றாட்டுகளில் அதுவும் ஒன்றாக அச்சாகியிருக்கிறது. அது தெரியாத பிள்ளைகள் வீட்டில் பாட்டியிடம் கேளுங்கள். அவர் புத்தகம் பார்க்காமலே சொல்வார்.